“கோபமா?” எண்டு அம்பது தரம் கேட்கிறீங்க, கேட்கவேண்டிய ஒண்டை விட்டிட்டீங்க

கேள்வி:

அக்கா, எனக்கு 27 வயசு. திருகோணமலையில ஒரு கொம்பனியில கணக்குப் பகுதியில வேலை செய்யிறன். போன வருஷம் பேச்சுக்கால் முடிஞ்சது, அவர் கட்டார்ல சைட் ஸ்டோர்ல நிக்கிறார், அடுத்த வருஷம் வந்து எழுத்து வைக்கிறதெண்டு கதை. எங்கட பிரச்சினை நான்தான். அவர்ட ஒவ்வொரு மெசேஜையும் இருபது தரம் வாசிப்பன். போன கிழமை இரவு 9.40க்கு “ம்ம். நாளைக்கு கதைப்பம்.” எண்டு அனுப்பினார். வழமையா புள்ளி வைக்கமாட்டார். அந்தப் புள்ளியைப் பார்த்திட்டு இரவு ரண்டு மணி வரைக்கும் நித்திரை இல்ல. “கோபமா? என்னில விருப்பம் தானே?” எண்டு கேட்டுக்கொண்டே இருப்பன், அவரும் “விருப்பம் தான்” எண்டுவார், பத்து நிமிஷத்தில திரும்பவும் கேட்கவேணும் போல வரும். ஜூன் மாசத்தில இருந்து அவர் மெசேஜ் போடுறது குறைஞ்சிட்டுது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து பிரண்ட்மாருக்கு அனுப்பி “இதில கோபம் தெரியுதா” எண்டு கேட்கிறன். கோயில்ல பூ வைச்சும் பார்த்தன்.

சின்னதில இருந்தே இப்பிடித்தான் எண்டு அம்மா சொல்லுவா. 2006 இல மூதூர் கிழக்கில இருந்து நாங்க வெளிக்கிட்ட நேரம் 11 நாள் அப்பா எங்க எண்டே தெரியாது, பிறகு வந்து சேர்ந்திட்டார். இன்னொண்டு, மார்ச் மாசம் அவர் அவசரமா காசு கேட்டார், என்ட ரண்டு பவுண் சங்கிலியை வங்கியில அடகு வைச்சு 3 இலட்சம் அனுப்பினன். ரண்டு தரம் அதைப் பற்றிக் கேட்டதுக்கு “உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம், உனக்கு இது ஒரு வருத்தம்” எண்டு சொல்லி கட் பண்ணிட்டார். அதுவும் சரிதானே அக்கா, நான் அப்பிடித்தானே. அவர் உண்மையா என்னோட நல்லா இருக்கிறாரா, இல்ல மாறிட்டாரா? நான் என்ன செய்ய?

பதில்:

தங்கச்சி, நீங்க கடைசியாக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல, அதை முதலே சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். “அவர் நல்லவர், யோசிக்காதைங்க” எண்டு நான் எழுதினா இண்டைக்கு இரவு நித்திரை வரும், நாளைக்கு விடிய எழும்பி “அக்காக்கு எல்லாத்தையும் வடிவா சொன்னனா, ஏதும் விட்டிட்டனா, விட்டதைச் சொல்லியிருந்தா வேற மாதிரிச் சொல்லியிருப்பாவோ” எண்டு தொடங்கும். நான் உங்கட பிரண்ட்மாற்ற லிஸ்ட்ல இன்னொரு ஆளாப் போயிடுவன். அதோட, நேர்மையாச் சொன்னா, கட்டார்ல இருக்கிற ஒரு மனுசன்ட மனசு உவர்மலையில இருக்கிற எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, இந்தப் பயம் எப்பிடி வேலை செய்யுது எண்டதும், அதுக்குள்ள உண்மையான பிரச்சினை ஒண்டு இருந்தா அதை எப்பிடிப் பிரிச்சு எடுக்கிறது எண்டதும்தான். உங்கட கடிதத்தில ரண்டும் இருக்குது, அதாலதான் இவ்வளவு நீட்டா எழுதுறன்.

அந்த 9.40 மெசேஜ்

நீங்க கணக்குப் பகுதியில இருக்கிறதால உங்கட வேலையில இருந்தே சொல்லுறன். பின்னேரம் வங்கிக் கணக்கையும் உங்கட புத்தகத்தையும் வைச்சு டலி பண்ணுறீங்க, சரி வருது, மூடி வைக்கிறீங்க. பத்து நிமிஷம் கழிச்சு “சரியாத்தான் பார்த்தனா” எண்டு திரும்பத் திறந்து பார்த்தா, தொகை மாறியிருக்காது, ஆனா உங்கட நம்பிக்கை ஒரு பிடி குறைஞ்சிருக்கும். பத்துத்தரம் திறந்தா பத்துப் பிடி குறையும். இது கன பேருக்கு விளங்காத இடம். திரும்பத் திரும்பப் பார்த்தா நம்பிக்கை கூடும் எண்டுதான் நாங்க நினைக்கிறது, நடக்கிறது அதுக்கு மாறி. கேஸ் மூடினனா, கதவு பூட்டினனா எண்டு பலதரம் போய்ப் பார்க்கிற ஆக்களுக்கும் இதே கதைதான், பார்க்கப் பார்க்க தன்ட ஞாபகத்திலயே அவைக்கு நம்பிக்கை இல்லாமப் போகும்.

நீங்க “கோபமா” எண்டு கேட்டு அவர் “இல்ல” எண்டு சொன்ன உடன நெஞ்சுக்குள்ள ஒரு பாரம் இறங்குதில்லையா, அந்த இறக்கம்தான் உங்களைப் பிடிச்சு வைச்சிருக்குது. மூளை அதில படிக்கிற பாடம் “ஒண்டும் நடக்கேல்ல” எண்டதில்ல. “கேட்டதால தப்பிச்சம்” எண்டதுதான் அது படிக்கிறது. அதால அடுத்த தரம் இன்னும் கெதியா கேட்கச் சொல்லும். முதல் நாளைக்கு ஒருக்காக் கேட்டது பிறகு மணிக்கு ஒருக்காவாகி, இப்ப பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து நிக்குது. பழைய கடனைக் கட்ட மீற்றர் வட்டிக்குக் காசு எடுக்கிற மாதிரி, அந்த நேரம் கைக்குக் காசு வரும், முதல் குறையாது.

இப்ப அந்தப் புள்ளிக்கு வருவம். உங்களுக்கு 9.40 எண்டா கட்டார்ல 7.10, அங்க எங்களை விட ரண்டரை மணித்தியாலம் பிந்தி. நீங்க ஜூனில இருந்து மெசேஜ் குறைஞ்சதெண்டு எழுதியிருக்கிறீங்க. அங்க ஜூன் 1 இல இருந்து செப்டெம்பர் 15 வரைக்கும் பகல் 10 மணியில இருந்து 3.30 வரைக்கும் வெயிலுக்குள்ள வெளி வேலை செய்விக்க ஏலாது எண்டு சட்டம் இருக்குது, அதால கன சைட்டுகள்ல விடியிறதுக்கு முன்னமே வேலை தொடங்கிடும். விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பவேண்டிய மனுசன் இரவு ஏழு மணிக்கு எப்பிடி நீட்டா மெசேஜ் போடுவார்? இதை உங்களை ஆறுதல்படுத்தச் சொல்லேல்ல, அவர்ட சைட் அப்பிடியோ எண்டு எனக்குத் தெரியாது, வேற காரணமும் இருக்கலாம். நான் காட்ட நினைக்கிறது வேற. அந்த இரவு நாலு மணித்தியாலம் நீங்க யோசிச்சீங்க, அவ்வளவு நேரத்திலயும் “அவருக்கு இப்ப என்ன நேரம், நாளைக்கு எத்தினை மணிக்கு வேலை” எண்ட ஒரு சாதாரண யோசனை வரவேயில்ல. பயம் யோசிக்கேக்க இப்பிடித்தான், ஒரு பக்கக் கதவை மட்டும் திறந்து வைச்சுக்கொண்டு அதுக்குள்ளயே போய்ப் போய் வரும்.

வட்ஸ்அப் அடையாளங்களும் அப்பிடித்தான். ஒரு சாம்பல் டிக் எண்டா மெசேஜ் உங்கட போனை விட்டுப் போட்டுது, அவ்வளவுதான். அவர்ட போன் ஓப் ஆகவோ டேட்டா இல்லாமலோ இருக்கலாம். ரண்டு சாம்பல் டிக் எண்டா அவர்ட போனுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. நீலம் எண்டா அந்தச் சட் திறபட்டிருக்குது, வடிவா வாசிச்சாரா, பஸ்ஸுக்குள்ள ஏறேக்க கை பட்டதா எண்டு அது சொல்லாது. ஒன்லைன் எண்டா அப் திறந்திருக்குது, ஆரோட கதைக்கிறார் எண்டு இல்ல, அவர் அம்மாட வொய்ஸ் மெசேஜ் கேட்டுக்கொண்டிருந்தாலும் ஒன்லைன்தான். இந்த நாலு அடையாளமும் போனைப் பற்றின தகவல். மனசைப் பற்றி ஒண்டும் அதில இல்ல. புள்ளியும் அப்பிடித்தான், கன போன்ல ஸ்பேஸ் பட்டனை ரண்டு தரம் தட்டினா தானாவே புள்ளி விழும்.

கேட்கிறதை நிப்பாட்டவேண்டாம், பிந்திக் கேளுங்க

“இனி யோசிக்கமாட்டன், இனிக் கேட்கமாட்டன்” எண்டு சத்தியம் பண்ணவேண்டாம் தங்கச்சி, பண்ணினா மூண்டாம் நாள் உடையும், பிறகு அதுக்கும் சேர்த்து அழுவீங்க. கேட்கவேணும் போல வந்த உடன நேரத்தைப் பாருங்க, 15 நிமிஷம் கழிச்சுக் கேட்பன் எண்டு வையுங்க. போனை மற்ற அறையில வைச்சிட்டு வாங்க, கையில வைச்சுக்கொண்டு 15 நிமிஷம் பொறுக்கிறது ஆராலயும் ஏலாது. அந்த நேரத்தில மனசை ஆத்த வேற ஒண்டும் செய்யவேண்டாம், தேவாரம் சொல்லவேண்டாம், மூச்சை எண்ணவேண்டாம், சட்டி பானை கழுவுங்க, முத்தத்தைக் கூட்டுங்க, பயம் ஒரு பக்கத்தில இருந்திட்டுப் போகட்டும். கடற்கரையில அலைக்கு முன்னால நிண்டிருப்பீங்க தானே, வரேக்க பெரிசாத்தான் வரும், காலைப் பிடிச்சு இழுக்கும், பிறகு தானா இறங்கிப் போகும். பயமும் ஏறி ஒரு இடத்தில நிண்டு இறங்கும், நீங்க கேட்காமலே இறங்கும். இதை ஒருக்கா உடம்பால அனுபவிச்சாத்தான் மூளைக்கு விளங்கும், நான் எழுதி விளங்காது. 15 நிமிஷம் முடியேக்கயும் கேட்கவேணும் போல இருந்தா கேளுங்க, பரவாயில்ல. ஒரு கிழமை கழிய 30 நிமிஷமாக்குங்க, பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு அடுத்த கோல் வரைக்கும்.

முதல் நாலைஞ்சு நாள் முந்தியை விடக் கூட அவதியா இருக்கும். “அக்கா சொன்னதால கூடிப்போச்சு” எண்டு அந்த இடத்திலதான் கன பேர் விடுறது. வழமையாக் கிடைச்சுக்கொண்டிருந்த ஒண்டு கிடைக்காட்டி மனசு முதல்ல சத்தம் கூட்டித்தான் கேட்கும், கடையில சொக்லேட் கேட்டு உருண்டு அழுற பிள்ளை மாதிரி. தாய் அஞ்சு தரம் மாட்டன் எண்டிட்டு ஆறாம் தரம் வாங்கிக் குடுத்தா, பிள்ளை படிக்கிறது ஆறு தரம் அழவேணும் எண்டு. அதால பொறுக்கிற நேரத்தைச் சின்னதா வைச்சாலும் அதை முழுசாப் பொறுங்க.

இன்னொரு இடத்திலயும் வழுக்கும். வாயால கேட்கிறதை நிப்பாட்டினா அதே கேள்வி வேற உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். பிரண்டுக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்புறதும் கேட்கிறதுதான். லாஸ்ட் சீன் பார்க்கிறது, பழைய மெசேஜுகளை மேல ஏத்தி “அப்ப எப்பிடிக் கதைச்சவர்” எண்டு வாசிக்கிறது, “எனக்குத் தலையிடி” எண்டு போட்டு அவர் எவ்வளவு கெதியா பதில் போடுறார் எண்டு பார்க்கிறது, வேணுமெண்டு அரை நாள் பேசாம இருந்து தேடுறாரா எண்டு சோதிக்கிறது, பொருத்தத்தைத் திரும்பவும் இன்னொரு சாத்திரியாரிட்டக் காட்டுறது, எல்லாம் கேட்கிறதுதான். பூ வைச்சுப் பார்த்தனெண்டு எழுதினீங்க. அம்மனைக் கும்பிடுங்க, நானும் வெள்ளிக்கிழமையில பத்ரகாளி அம்மன் கோயிலுக்குப் போற ஆள்தான், ஆனா வெள்ளைப் பூ வந்த பிறகும் இன்னொருக்கா வைச்சுப் பார்த்திருப்பீங்க எண்டு நினைக்கிறன். அப்பிடி எண்டா அது பக்தியில வைச்ச பூ இல்ல, இந்தப் பயம் வைச்ச பூ.

அவருக்கும் இதில ஒரு வேலை இருக்குது. நிம்மதியா இருக்கிற ஒரு நேரம் பார்த்து அவரிட்டச் சொல்லுங்க, “நான் ‘கோபமா’ எண்டு கேட்டா முதல் தரம் பதில் சொல்லுங்க, அதே நாள் திரும்பக் கேட்டா ‘நான் சொல்லிட்டன், இப்ப வேற கதைப்பம்’ எண்டு அன்பாச் சொல்லுங்க” எண்டு. அவர் இருபது தரமும் “விருப்பம் தான்” எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா அது உங்கட பயத்துக்குச் சோறு போடுறது. ஏசினா பயம் இன்னும் வளரும். ரண்டுக்கும் நடுவில இருக்கிறது இந்த ஒரு வசனம்.

11 நாள்

2006 இல உங்களுக்கு எட்டு வயசு இருக்கும். அந்தக் காலத்தில எங்கட மாவட்டத்தில ஒரு ஆள் வாறதெண்டு சொன்ன நேரத்துக்கு வராட்டி, சத்தம் சந்தடி இல்லாட்டி, அதுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது. கேற்றடியில நிண்ட தாய்மாரை நான் பார்த்திருக்கிறன். எட்டு வயசுப் பிள்ளை அந்த 11 நாளும் தாய்ட முகத்தைப் பார்த்துத்தான் அப்பா இருக்கிறாரா இல்லையா எண்டு வாசிச்சிருக்கும். முகத்தில ஒரு சின்ன மாற்றத்தையும் விடாமப் பிடிக்கப் பழகியிருப்பீங்க, அந்த நேரம் அந்தப் பழக்கம் தேவைப்பட்டது. இப்பவும் அதே கண்ணாலதான் புள்ளியைப் பார்க்கிறீங்களோ எண்டு எனக்கொரு எண்ணம். முடிவாச் சொல்லமாட்டன், ஒரு கடிதத்தை வைச்சு அப்பிடிச் சொல்லுறது பிழை, அதை அனுபவிச்ச எல்லாப் பிள்ளைக்கும் இப்பிடி வாறதுமில்ல, அப்பிடி ஒண்டுமே நடக்காத ஆக்களுக்கும் இந்தப் பயம் வாறது. ஆனா “நான் பைத்தியம்” எண்டு உங்களை நீங்களே ஏசுறதை விட்டிட்டு இப்பிடியும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க.

இந்த யோசனையும் கேட்கிறதும் பார்க்கிறதும் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகுது எண்டா, இல்ல ரண்டு கிழமையாத் தொடர்ந்து நித்திரை கெட்டு வேலையில பிழை விடுறீங்க எண்டா, கடிதத்தோட நிக்காதைங்க. எங்கட பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போகலாம், காசு இல்ல. இந்தப் பயத்துக்கெண்டே பேச்சு முறைச் சிகிச்சை இருக்குது, மேல நான் சொன்ன பிந்திக் கேட்கிறதை அங்க படிப்படியா கூட இருந்து செய்விப்பினம். டொக்டர் தேவை எண்டு நினைச்சா மருந்தும் தருவார், அது வேலை செய்யத் தொடங்க ரண்டு மூண்டு கிழமையாவது எடுக்கும், நாலாம் நாள் “ஒண்டும் தெரியேல்ல” எண்டு விடக்கூடாது. இரவில ஏலாமப் போனா, சாகலாம் போல ஒரு நினைப்பு வந்தாலும், 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ட இலக்கம், 24 மணித்தியாலமும் ஆக்கள் இருப்பினம்.

பயமா, உண்மையா?

இதுவரைக்கும் வாசிச்சிட்டு “அப்ப எல்லாம் என்ட பிழைதான்” எண்டு நினைச்சிருப்பீங்க. அதுதான் எனக்கு உங்கட கடிதத்தில கவலையா இருந்த இடம்.

பயப்படுற ஆளுக்கும் உண்மையான பிரச்சினை வரும். பிரிச்சுப் பார்க்க நான் பாவிக்கிற வழி ஒண்டு இருக்குது. கேள்வி ரண்டு வகை. ஒண்டு ஆறுதல் கேட்கிற கேள்வி, “கோபமா, விருப்பம் தானே, மாறிட்டீங்களா” எண்டது. அதுக்கு எந்தப் பதில் வந்தாலும் மூடுப்படாது, பத்து நிமிஷத்தில திரும்ப வரும், ஏனெண்டா அதுக்குப் பதில் இன்னொரு ஆள்ட மனசுக்குள்ள இருக்குது, அதை ஆராலயும் எடுத்து மேசையில வைக்க ஏலாது. மற்றது தகவல் கேட்கிற கேள்வி. “எப்ப லீவு”, “எழுத்துக்கு எந்த மாசம் வருவீங்க”, “காசு எப்ப” எண்டது. அதுக்கு ஒரு திகதி, ஒரு தொகை, ஒரு ஓம், ஒரு இல்ல இருக்குது. வெளியில இருக்கிற ஒரு ஆளும் பார்த்து நடந்ததா நடக்கேல்லையா எண்டு சொல்லலாம். ஒருக்கா ஒழுங்கான பதில் வந்தா கேள்வி மூடுப்படும். பயம் பிடிச்ச ஆக்கள் முதல் வகையை அம்பது தரம் கேட்டு ரண்டு பேரையும் களைக்கப் பண்ணிட்டு, ரண்டாவது வகையைக் கேட்கப் பயந்து விட்டிடுவினம். நீங்களும் அந்தப் புள்ளிக்கு எட்டு வரி எழுதியிருக்கிறீங்க, 3 இலட்சத்துக்கு “இன்னொண்டு” எண்டு போட்டு மூண்டு வரி.

புள்ளியைத் தூக்கி ஒரு பக்கத்தில வையுங்க. அந்த மூண்டு வரியில என்ன இருக்குதெண்டு கமரா பார்க்கிற மாதிரிப் பார்ப்பம். மார்ச்சில காசு கேட்டார். நீங்க நகை வைச்சுக் குடுத்தீங்க. ரண்டு தரம் கேட்டீங்க. ரண்டு தரமும் தொகையைப் பற்றியோ திகதியைப் பற்றியோ ஒரு சொல்லும் வரேல்ல, உங்கட குணத்தைப் பற்றித்தான் பதில் வந்தது. இதில உங்கட மனசு கூட்டினது ஒண்டுமில்ல, எல்லாம் நடந்தது. நீங்க கொஞ்சம் சந்தேகக்காரி எண்டதும் உண்மையா இருக்கலாம், அவர் 3 இலட்சம் தரவேணும் எண்டதும் உண்மை, முதலாவது ரண்டாவதை அழிக்காது. உங்களுக்கு வருத்தம் எண்டே வைச்சுக்கொண்டாலும் வருத்தக்காரிக்கும் கடனைத் திருப்பிக் குடுக்கத்தான் வேணும்.

இதால அவர் ஏமாத்துறார் எண்டு நான் சொல்லேல்ல. நாள் முழுக்க “கோபமா” எண்ட கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போன மனுசனுக்குக் காசுக் கேள்வியும் அதே இரைச்சல்ல ஒண்டாக் கேட்டிருக்கலாம். சம்பளம் பிந்தி, சொல்ல வெட்கப்பட்டு, வெட்கம் கோபமா வெளியில வந்திருக்கவும் கூடும், எங்கட ஆம்பிளையள் கன பேருக்கு அப்பிடித்தான் வாறது. இல்ல, திருப்பித் தாற எண்ணமே இல்லாமலும் இருக்கலாம். இருந்து யோசிச்சா இது தெரியவராது, ஒருக்கா ஒழுங்காக் கேட்டாத்தான் தெரியும்.

எப்பிடிக் கேட்கிறது

முதல்ல மூண்டு கிழமை மேல சொன்ன பிந்திக் கேட்கிறதைச் செய்யுங்க. இரைச்சல் குறைஞ்சாத்தான் இந்தக் கேள்வி கேள்வியாக் கேட்கும். அதுக்கிடையில அடகு ரசீதை எடுத்துப் பாருங்க, மீட்கவேண்டிய கடைசித் திகதி அதில இருக்கும், அது தாண்டினா வட்டியும் கூடி கடைசியில சங்கிலி ஏலத்துக்கும் போகலாம். திகதி கிட்டவாக இருந்தா மூண்டு கிழமை பொறுக்கவேண்டாம், உடன கேளுங்க. காசு அனுப்பின வங்கி சிலிப்பையும், அவர் கேட்ட மெசேஜையும் அழிக்காம ஒரு இடத்தில சேமிச்சு வையுங்க. சந்தேகத்தில இல்ல, நீங்க கணக்குப் பகுதி ஆள், வவுச்சர் இல்லாம ஒரு காசும் வெளியில விடமாட்டீங்க தானே.

வெள்ளிக்கிழமை கேளுங்க, அங்க அண்டைக்குத்தான் லீவு. மெசேஜ்ல வேண்டாம், கோல்ல. இவ்வளவும் காணும்: “மார்ச்சில அனுப்பின 3 இலட்சத்துக்கு நகை அடகில இருக்குது, இத்தனையாம் திகதிக்கு முன்னம் மீட்கவேணும். மாசம் எவ்வளவு தர ஏலும், எந்த மாசத்தில இருந்து?” இதோட நிப்பாட்டுங்க. முன்னால “கோபப்படாதைங்க” வேண்டாம், பின்னால “என்னில விருப்பம் தானே” வேண்டவே வேண்டாம். அதைப் பின்னால ஒட்டினா அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போயிடுவார், காசுக் கேள்வி அந்தரத்தில நிக்கும். “உனக்கு இது வருத்தம்” எண்டு தொடங்கினா, “ஓம், எனக்குப் பயம் இருக்குது, அதுக்கு வைத்தியம் பார்க்கிறன். காசுக்குத் திகதி சொல்லுங்க” எண்டு ஒருக்காச் சொல்லுங்க. ஒருக்கா மட்டும்.

அவர் “மாசம் முப்பதாயிரம்தான் ஏலும், அடுத்த மாசத்தில இருந்து” எண்டாலும் அது பதில்தான், சின்னத் தொகை எண்டு கவலைப்படாதைங்க, அடுத்த மாசம் வருதா எண்டு பாருங்க. வாய்ப்பேச்சை விட வந்து விழுற முப்பதாயிரம் கனக்கச் சொல்லும். “இப்ப ஏலாது, வெட்கமா இருந்தது, அதான் கத்தினன்” எண்டாலும் கதைக்கலாம், கதைச்சு ஒரு திகதிக்கு வரலாம். நீங்க நிதானமாக் கேட்ட பிறகும் மூண்டாவது தரமா உங்கட குணத்தையே பிடிச்சுக் கதைச்சா, இல்லாட்டிக் கோல் எடுக்கிறதையே நிப்பாட்டி உங்களைத் தவிக்கவிட்டு, நீங்க “சரி காசு வேண்டாம், கதையுங்க” எண்டு சொன்ன பிறகு இனிக்க இனிக்கக் கதைச்சா, அதை உங்கட பயத்தின்ட கணக்கில எழுதாதைங்க. இனிப்பும் தண்டனையும் மாறி மாறி வந்தா பயமே இல்லாத பொம்பிளையும் நாலு மாசத்தில புள்ளி எண்ணத் தொடங்கிடுவா. அப்ப எழுத்துக்கு நாள் குறிக்கிறதை நிப்பாட்டி வைச்சிட்டு, அப்பாட்டயும் அம்மாட்டயும் சொல்லுங்க, பேசி முடிச்சது ரண்டு வீடும் தானே. பெரியாக்கள் கதைச்சும் வராட்டி காசுக்கு ஒரு சட்டத்தரணியைக் கேட்கலாம்.

இன்னும் ஒண்டை உங்களை நீங்களே கேட்டுப் பாருங்க, இதை எனக்கு எழுதவேண்டாம். உங்களுக்கு இருக்கிறது அவர் இல்லாமப் போயிடுவார் எண்ட பயமா, இல்ல அவரையே பயமா? ஒரு கதையைத் தொடங்கமுன்னம் “இதைச் சொன்னா என்ன செய்வாரோ” எண்டு நெஞ்சு இடிக்குதா? போன் பாஸ்வேர்ட் கேட்கிறாரா, வேலையை விடச் சொல்லுறாரா, படத்தை வைச்சு வெருட்டுறாரா? கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்ல. இருந்தும் எழுதாம விட்டிருந்தா நான் மேல சொன்ன பிந்திக் கேட்கிற கதை அதுக்குப் பொருந்தாது, பொறுத்துப் பழகிற விஷயமில்ல அது. 1938க்கு எடுங்க, பெண்களுக்கான உதவி இலக்கம்.

வெள்ளிக்கிழமை கோல் எடுக்கமுன்னம் ஒரு கொப்பி ஒற்றையில ரண்டு வரி எழுதுங்க. எந்தப் பதில் வந்தா எனக்குக் காணும், எந்தப் பதில் வந்தா அம்மாட்டச் சொல்லுவன். எழுதி மடிச்சு அடகு ரசீதோட வையுங்க. கோல் முடிஞ்ச உடன உங்கட மனசு அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பிடிச்சு “இப்பிடிச் சொன்னதுக்கு என்ன கருத்து” எண்டு தொடங்கும், தெரியும். அந்த நேரம் பிரண்டுக்கும் போடவேண்டாம், எனக்கும் போடவேண்டாம், அந்த ஒற்றையை விரிச்சு, கோலுக்கு முன்னம் நிதானமா இருந்த நீங்க என்ன எழுதினீங்க எண்டு வாசியுங்க.